கேக்கில் என்ன எழுதுவது?

பிரிஞ்சாங்கில் ஒரு கேக் கடை. போனை எடுத்த அக்கா ஒரு கிலோ, சாக்லேட், சனிக்கிழமை மாலை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசியாகக் கேட்டார்: “மேலே என்னங்க எழுதணும்?”

எனக்குப் பதில் வரவில்லை. பிறந்தநாள் என்றால் பெயரும் வாழ்த்தும் போதும். திருமணநாள் என்றாலும் சிக்கல் இல்லை. என் நண்பன் குவாந்தானில் நடந்த ஒரு திறந்த பூப்பந்துப் போட்டியில், ஆண்கள் ஒற்றையர் பிரிவில் இரண்டாவதாக வந்திருந்தான். ‘இரண்டாம் நிலைக்கு வாழ்த்துகள்’ என்று எழுதினால் பள்ளி நற்சான்றிதழ் மாதிரி இருக்கும். வெறும் ‘வாழ்த்துகள்’ என்று எழுதினால் எதையோ மறைப்பது போல இருக்கும். ‘எங்களுக்கு நீதான் சாம்பியன்’ என்று எழுதலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அதைப் படிக்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். “நாளைக்குச் சொல்றேங்க்கா” என்று போனை வைத்துவிட்டேன்.

நான் இவ்வளவு தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஏற்கெனவே ஒரு முறை சொதப்பியிருந்தேன்.

இறுதியாட்டம் முடிந்த சனிக்கிழமை இரவு, தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் முடிவு வந்தது. 15-21, 17-21. உடனே அவனுக்குத் தனியாக எழுதினேன்: “பரவாயில்லடா. இரண்டாவதா வர்றதும் பெரிய விஷயம்தானே. அடுத்த தடவை கண்டிப்பா அடிச்சிடலாம்.” நல்ல மனதோடுதான் எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் ஆள் பேசவில்லை.

பிறகு அந்தச் செய்தியை நானே எடுத்துப் படித்தேன். மூன்றே வாக்கியம். ‘பரவாயில்லை’ என்பதை நாம் எங்கே சொல்கிறோம்? தட்டு உடைந்தால் சொல்கிறோம், பஸ் போய்விட்டால் சொல்கிறோம். ஏதோ கெட்டது நடந்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்கே வேலை. நான் அதைச் சொன்ன மாத்திரத்தில், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசம். அதில் உள்ள ‘உம்’மைப் பாருங்கள். ‘இரண்டாவதா வர்றது பெரிய விஷயம்’ என்பது ஒரு செய்தி. ‘இரண்டாவதா வர்றதும் பெரிய விஷயம்தானே’ என்பது ஒரு வாதம். அந்த ‘உம்’ முதல் இடத்தை ஓசையில்லாமல் உள்ளே அழைத்து வந்து உட்கார வைக்கிறது. ‘தானே’ அவனிடமே ஒப்புதல் கேட்கிறது. யாரும் முதல் பரிசு வாங்கியவரிடம் போய் ‘முதல் பரிசும் பரிசுதானே’ என்று சொல்வதில்லை. தமிழில் ஆறுதல் சொல்ல நமக்கு ஒரு முழு வாக்கியம் தேவையில்லை, ஒரு ‘உம்’ போதும். மூன்றாவது வாக்கியமோ இந்தப் போட்டியை விட்டே ஓடி, அடுத்ததைப் பற்றிப் பேசுகிறது. அவன் ஆடி முடித்து வியர்வைகூடக் காயவில்லை.

நம் ஊர்ப் போட்டிகளில் பரிசுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களும் கவனிக்க வேண்டியவை. நான்காவது, ஐந்தாவதாக வருகிறவருக்கு நாம் கொடுப்பதற்குப் பெயரே ‘ஆறுதல் பரிசு’. மலாயில் அது சகுஹாத்தி. ஆனால் இரண்டாவதாக வருகிறவருக்கு மலாயில் ‘நாயிப் ஜொஹான்’ என்று பெயர். ஜொஹான் என்றால் வெற்றியாளர். நாயிப் என்பது நாயிப் கெத்துவாவில் வரும் அதே நாயிப், துணை. ஒரு பதவி மாதிரி கம்பீரமாக ஒலிக்கிறது. பட்டியலில் ஆறுதல் பரிசு தனியாக, கீழே இருக்கிறது. வாயால் வாழ்த்தும்போது மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாம் இடத்துக்காரர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாம் இடத்தில் நிற்பவருக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்பதை உளவியல்காரர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் தொலைக்காட்சிப் பதிவுகளை எடுத்து, வெள்ளியும் வெண்கலமும் வாங்கியவர்களின் முகங்களை மட்டும் சிலரிடம் காட்டி, வேதனைக்கு 1, பேரானந்தத்துக்கு 10 என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். போட்டி முடிந்த கணத்தில் வெள்ளிக்காரர்களுக்குச் சராசரியாக 4.8 கிடைத்தது. வெண்கலக்காரர்களுக்கு 7.1. மேடையில் பதக்கம் வாங்கும்போதும் அதே கதை: 4.3, 5.7. விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் என்ற மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இது. மேலே நின்றவர் கீழே நின்றவரைவிட வாடியிருந்தார். மூன்றாவதாக வந்தவர் ‘நல்லவேளை, பதக்கம் கிடைத்தது’ என்று கீழே பார்க்கிறார். இரண்டாவதாக வந்தவர் ‘அந்த ஒரு புள்ளி’ என்று மேலே பார்க்கிறார் என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இதில் ஆட்டத்தின் அமைப்புக்கும் பங்கு உண்டு. ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வருபவர் ஓடி முடித்து வருகிறார். பூப்பந்து போன்ற ஆட்டத்தில் அப்படியில்லை. தோற்றால் வெளியே என்ற முறையில், இரண்டாம் இடம் என்பது கடைசி ஆட்டத்தில் தோற்றுக் கிடைப்பது. எத்தனை ஆட்டம் வென்றிருந்தாலும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டிகளில் வேறு விதம். முடிவைக் கீழிருந்து மேலே அறிவிப்பார்கள். மூன்றாம் நிலை அறிவித்த பிறகு மேடையில் இரண்டு பேர் மிச்சம். ‘இரண்டாம் நிலை…’ என்று இழுத்து உங்கள் பெயரைச் சொன்னால், அதை உங்கள் காது ‘முதல் நிலை நீயில்லை’ என்றுதான் கேட்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் அந்தக் கைதட்டல் நினைவிருக்கும்.

ஆகவே, வாழ்த்த வருகிறவர் முதல் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும், அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தையே சுட்டிக் காட்டுகிறார். இதை எனக்குப் புரிய வைத்தது அந்த ஆய்வல்ல. என் நண்பனின் அப்பா.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில், தேயிலைச் சரிவுக்குக் கீழே லயத்து வீடு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மா பல வருடம் கொழுந்து பறித்தவர். நான் போனபோது அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் வரை அவருக்கு மாலை நேர வேலை. மகனைச் சரியாகப் பார்த்தே மூன்று நாளாகிவிட்டதாம். நான் இருக்கும்போதுதான் முதன்முதலாக விசாரித்தார்.

“எத்தனை ஆட்டம்டா ஆடினே?”

“அஞ்சுப்பா.”

“எத்தனை ஜெயிச்சே?”

“நாலு.”

“தோத்தது யாருகிட்ட?”

“குவாந்தான் பையன். ஃபைனல்ல.”

“நல்லா ஆடுவானா?”

“ரொம்ப நல்லா ஆடுவான்ப்பா. என்னைவிட நல்லா ஆடினான்.”

அப்பா தலையாட்டினார். அதோடு இறுதியாட்டம் முடிந்தது. ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அடுத்துக் கேட்டார்: “ஜெயிச்ச நாலுல எது கஷ்டம்?”

அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தோட்டத்தில் கொழுந்து எடை போடும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். பேருக்கு நேரே கிலோ எழுதுவார்கள். இன்றைக்கு நீ எத்தனை கிலோ என்பதுதான் அங்கே கேள்வி, எத்தனையாவது ஆள் என்பதல்ல. அவர் யோசித்துக் கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் கணக்குக் கேட்கத் தெரியும்.

அடுத்த அரைமணி நேரம் நண்பன் பேசினான். பத்து வருடமாக அவனோடு ஆடுகிறேன். அன்று கேட்டதில் பாதி எனக்குப் புதிது.

முதல் ஆட்டமே கிட்டத்தட்டப் போயிருக்கிறது. காரணம் எதிராளி இல்லை, காற்று. நாங்கள் ஆடுவது தோட்டத்துப் பொதுமண்டபத்தில். கேமரன் மலையில் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிந்தது. குளிர் கொஞ்சம் அடர்த்தியைத் திருப்பித் தந்தாலும், குவாந்தானின் கடற்கரைக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இறகுப்பந்தை நிறுத்துவது காற்றுதான். காற்று மெலிந்தால் பந்து ஓடிவிடும். அதனால்தான் பந்துக் குழாயின் மேல் 75, 76, 77 என்று வேக எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட பந்து கனமாகி வேகமாகப் போகும். உயரமான இடத்தில் குறைந்த எண் வாங்க வேண்டும். நாங்கள் எங்கே அதெல்லாம் பார்த்தோம்? ஈப்போவில் மலிவாகக் கிடைத்த குழாயை வாங்கி வருவோம்.

பந்து சரியான வேகமா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டரிலிருந்து 99 சென்டிமீட்டர் வரை முன்னால் விழுந்தால் சரி. எங்கள் மண்டபத்தில் எங்கள் பந்தை அப்படி அடித்தால் கோட்டைத் தாண்டிப் போகும். அதனால் நாங்கள் அனைவரும் நம்மையறியாமல் கையை அடக்கி அடிக்கக் கற்றுக்கொண்டவர்கள். குவாந்தானில் அதே கை, அதே அளவு. அவன் பின்கோட்டுக்கு என்று தூக்கிய பந்தெல்லாம் ஒன்றரை அடி முன்னால், எதிராளி குதித்து அடிக்க வசதியான இடத்தில் போய் இறங்கியிருக்கிறது. முதல் செட் 12-21.

“என்னடா பண்ணே?” என்றேன்.

“தூக்குறதை நிறுத்திட்டேன். கை பழகுற வரைக்கும் வலைகிட்டயே வச்சிக்கிட்டேன். அவன் தூக்கட்டும்னு விட்டேன்.”

இதைச் சொல்வது எளிது. ஒரு ஆட்டத்தின் நடுவில், பத்து வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு, வலையோரத்தில் மெல்லத் தட்டும் ஆட்டத்துக்கு மாறுவதை ஆடுகிறவர்கள் அறிவார்கள். அதில் அடுத்த இரண்டு செட்டையும் எடுத்திருக்கிறான். மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய், பின்கோட்டில் நின்று முழு வீச்சில் அடித்து அடித்துக் கையைப் பழக்கியிருக்கிறான். இரண்டாவது ஆட்டமும் காலிறுதியும் அதனால் எளிதாகப் போயின. அவற்றைப் பற்றி அவனே அதிகம் பேசவில்லை.

அரையிறுதிதான் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில். மூன்றாவது செட்டில் 14-19. எதிராளிக்கு இன்னும் இரண்டு புள்ளி போதும். அந்த இடத்தில் இவன் கவனித்தது ஒன்று: எதிராளி முன்னிலை வந்ததும் சர்வீஸ் வாங்கும்போது ஓரடி பின்னால் தள்ளி நிற்கத் தொடங்கியிருந்தான். களைப்பாக இருக்கலாம், பத்திரமாக ஆடலாம் என்ற நினைப்பாக இருக்கலாம். இவன் ஒவ்வொரு சர்வீஸையும் குட்டையாக, வலையை ஒட்டிப் போட்டான். தொடர்ந்து ஐந்து புள்ளி. 19-19. பிறகு ஒரு பந்து வலையில் பட்டு இவன் பக்கமே விழுந்து 19-20. எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். அதைக் காப்பாற்றி, அடுத்த இரண்டையும் எடுத்து 22-20.

அப்பா தேநீரை மறந்துவிட்டார். அவருக்குப் பூப்பந்து விதிகூடச் சரியாகத் தெரியாது. “அந்த வலையில பட்டது… அப்புறம் எப்படிடா கை நடுங்காம போட்டே?” என்று மட்டும் கேட்டார். “நடுங்குச்சுப்பா. நடுங்கிக்கிட்டேதான் போட்டேன்” என்றான்.

இதைத்தான் நான் சனிக்கிழமை இரவு கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், எனக்கு ஒன்றும் தெரியாத ஒரு போட்டியின் கடைசி மதிப்பெண்ணை வைத்து மூன்று வாக்கியம் எழுதியிருந்தேன். ஆறுதலுக்கு விவரம் தேவையில்லை. யாருக்கு வேண்டுமானாலும், எந்தப் போட்டிக்கு வேண்டுமானாலும் அந்தச் செய்தியை அனுப்பலாம். இந்த 14-19-ஐ வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது பாரிஸ். 2025 ஆகஸ்ட் கடைசியில் உலகப் பூப்பந்துப் போட்டி. பெண்கள் இரட்டையர் இறுதியாட்டத்தில் நம் தீனா முரளிதரனும் பேர்லி டானும். சீனாவின் லியு ஷெங்ஷுவும் டான் நிங்கும் எதிரே. 14-21, 20-22. வெள்ளி. அதே நாளில் கலப்பு இரட்டையரில் சென் டாங் ஜீயும் தோ ஈ வெய்யும் தங்கம் வென்றார்கள். நாடே அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை முதலாவதாகவும் இன்னொரு பிள்ளை இரண்டாவதாகவும் வந்த மாதிரி. அப்போது இரண்டாவது பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் தலையைத் தடவிக் கொடுப்போம் இல்லையா, அப்படிச் சில வாழ்த்துகளை அன்றைக்கு நானும் கேட்டேன்.

ஆனால் அந்த வெள்ளியை, தங்கத்தின் பக்கத்தில் வைக்காமல், அவர்கள் இருவரும் வந்த பாதையில் வைத்துப் பாருங்கள். ஓராண்டுக்கு முன், 2024 ஒலிம்பிக். அதே பாரிஸ், அதே போர்ட் தெ லா ஷப்பெல் அரங்கம். அரையிறுதியில் இதே சீன ஜோடியிடம் மூன்று செட் போராடித் தோற்றார்கள். வெண்கல ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடா ஜோடியிடமும் தோற்று, நான்காம் இடத்தோடு, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அதே அரங்கத்துக்குத் திரும்பிப் போய், இறுதியாட்டம் வரை வந்து, இரண்டாவது செட்டில் அதே எதிராளிகளை 20-20 வரை இழுத்தார்கள். உலகப் போட்டியில் பெண்கள் இரட்டையர் இறுதிக்குள் காலெடுத்து வைத்த முதல் மலேசிய ஜோடி அவர்கள். இதைச் சொல்லி முடிக்கும் வரை தங்கம் என்ற சொல்லைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘முதல் மலேசிய ஜோடி’ என்பது உண்மை, அதனால் சொல்லலாம். அதற்காக எல்லா இரண்டாம் இடத்துக்குள்ளும் ஒரு ‘முதல்’ ஒளிந்திருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது. ‘தோட்டத்துப் பிள்ளைகளில் நீதான் முதல்’, ‘உன் வயதுக்காரர்களில் நீதான் முதல்’ என்று போனால் அது மறுபடியும் ஆறுதல்தான். ஏணியை மாற்றி வைத்தோமே தவிர ஏணியை விட்டு இறங்கவில்லை. அதே மாதிரி ‘நீதான் ஜெயிச்சிருக்கணும், நடுவர் சரியில்லை’ என்பதும். நம் ஆட்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். நண்பனோ ‘என்னைவிட நல்லா ஆடினான்’ என்று தன் வாயால் சொல்லிவிட்டான். அவன் நேர்மையாகக் கொடுத்த மரியாதையை நான் பிடுங்கி எறிந்தால், அவன் தீர்ப்பையே நம்பவில்லை என்றாகிவிடும்.

எப்போது கொண்டாடுவது என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்த இரவு கொண்டாடும் நேரமல்ல. அன்றைக்கு அவனுக்கு வலித்திருக்கிறது. இறுதியாட்டத்தில் இரண்டாவது செட்டில் 17-17 வரை சமமாக வந்து, அங்கிருந்து ஒரு புள்ளிகூட எடுக்காமல் போனவனுக்கு வலிக்காமல் இருக்குமா? அந்த வலியைப் ‘பரவாயில்லை’ என்று துடைப்பதும் தப்பு, ‘என்னடா, பிரமாதம்!’ என்று மேலே பட்டாசு கொளுத்துவதும் தப்பு. “வண்டி ஏறிட்டியா? சாப்பிட்டியா?” என்று கேட்டிருந்தால் போதும். குவாந்தானிலிருந்து ரவூப், சுங்கை கோயான் வழியாக மலை ஏறி வர ராத்திரி எத்தனை நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதைக்கூட நான் கேட்கவில்லை. சில பேருக்கு ஒரு நாள் போதும், சில பேருக்கு ஒரு மாதம் ஆகும். தோற்ற ஆட்டத்தைப் பற்றி அவர்களே சிரித்துக்கொண்டு ஏதாவது சொன்னால் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு அந்த நேரம் வராமலே போகும். அவர்கள் முதலிடத்துக்கு மட்டுமே ஆடியவர்கள். அவர்களை விட்டுவிட வேண்டும், கேக்கை வைத்து வற்புறுத்தக் கூடாது.

இவனிடம் கேட்டே விட்டேன். “சனிக்கிழமை சாப்பாடு போடலாம்னு இருக்கோம். வேணாம்னா சொல்லிடு.”

“எதுக்கு?”

“குவாந்தானுக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “சரி. ஆனா பேனர் வேணாம்.”

பேனர் என் திட்டத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். சாப்பாட்டு அளவைப் பற்றி நண்பர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. ஒருவன், தேத்தண்ணியும் வடையும் போதும் என்றான். இன்னொருவன், ஆட்டுக்கறி, கோழி, மண்டபத்தில் நாற்காலி என்று போனான். முதலாவதாக வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டுப் பார்த்தோம். அவன் வீட்டு வாசலில் வாழையிலை போட்டு, கோழிக் குழம்போடு இருபது பேருக்குச் சோறு. அதையே செய்தோம். குறைத்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும், கூட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

குழுவில் போடும் படத்தையும் மாற்றினோம். எல்லாரும் பரிசு மேடைப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அதில் நடுவில் குவாந்தான் பையன் உயரமாக நிற்கிறான், இவன் பக்கத்தில் ஒரு படி கீழே. பரிசு மேடை என்பதே அப்படிக் கட்டியதுதானே. அவனோடு போன ஒருவரிடம் கேட்டதில், அரையிறுதியில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. கொஞ்சம் மங்கல். வலைக்கு முன்னால் இவன் குனிந்து நிற்கிறான், மட்டையின் நுனியில் பந்து. எதிராளியின் கால் மட்டும் தெரிகிறது, தூரத்தில், பின்னால் தள்ளி. அதைப் போட்டோம்.

கேக் கடைக்கு மறுநாள் போன் போட்டுச் சொன்னேன். அந்த அக்கா இரண்டு முறை திருப்பிக் கேட்டார். “எண் மட்டும்தானா? பேரு?” பேரும் போடுங்கள், பேருக்குக் கீழே அந்த எண் என்றேன்.

சனிக்கிழமை மாலை பனி இறங்கிவிட்டது. வாசலில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டியைத் திறந்தோம். அவன் பெயர். அதற்குக் கீழே, வெள்ளைக் க்ரீமில், கொஞ்சம் கோணலாக: 22-20.

அவன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த லயத்திலிருந்து வந்திருந்த ஒரு அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார்.

“என்னய்யா இது? ஏதோ கார் நம்பரா?”

“இல்லத்த, அது அரையிறுதி” என்றான். “மூணாவது செட்டு. பதினாலு பத்தொம்பதுல நிக்கிறேன்…” கேக் வெட்டும் கத்தி அவன் கையில் மட்டையாக மாறிவிட்டது. “அவன் இங்க நிக்கிறான், பாருங்க. ஓரடி பின்னால.”

“கத்தியைக் கீழ வைடா முதல்ல” என்றார் அம்மா. அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தக் கதையை அவர் கேட்பது மூன்றாவது முறை.